5 கிலோ வான்கோழி, வீட்டு ஓடிஜி: ஃபாயிலை முதலில் போடுவதா, கடைசியில் போடுவதா?

டிசம்பர் பாதி தாண்டினால் போதும், சென்னையில் தெரிந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், ஒரு முழு வான்கோழி வாங்கி வீட்டிலேயே ரோஸ்ட் பண்ணலாமா, எவ்வளவு நேரம் வைக்கணும், ஃபாயில் போட்டு மூடணுமா வேண்டாமா. கேட்பவர்களில் பாதிப் பேர் இரண்டு விதமான செய்முறைகளைப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய்த்தான் கேட்பார்கள். ஒன்று ஆரம்பத்திலேயே மூடச் சொல்லும், இன்னொன்று திறந்து வைத்துவிட்டுப் பாதியில் மூடச் சொல்லும். இரண்டுமே சரியான முறைகள்தான், ஆனால் எல்லா ஓவனுக்கும் எல்லாப் பறவைக்கும் பொருந்தாது. அதனால் இங்கே ஒரே ஒரு நிலைமையை எடுத்துக்கொள்கிறேன்: சுத்தம் செய்தபின் 5 கிலோ வரும் வான்கோழி, 60 லிட்டர் அளவுள்ள ஓடிஜி, மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு.

முதலில் வேறு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிலருக்கு அவைதான் சரி. மேஜை நடுவில் பெரிய பறவை வந்து உட்கார வேண்டும் என்ற ஆசை இல்லை, எல்லோருக்கும் நல்ல கறி கிடைத்தால் போதும் என்றால் இரண்டு கிலோ எடை அளவில் இரண்டு, மூன்று கோழிகள் வாங்குங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும், மார்பும் தொடையும் ஒன்றுக்கொன்று அதிகம் முந்தாது. இன்னொரு வழி பேக்கரி. பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு, தட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தால் ரோஸ்ட் பண்ணித் தரும் பேக்கரிக்காரர் யாரையாவது தெரிந்திருக்கலாம். இடம் தாராளமாக இருக்கும், ஆனால் அங்கே ரொட்டிக்கான சூடு இருக்கும், பார்ப்பவர் கண் அளவில்தான் பார்ப்பார், அதுவும் கிறிஸ்துமஸ் வாரத்தில் அவர் கேக் வேலையில் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார். கொடுப்பதாக இருந்தால் கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு போங்கள், வெந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிஜியோடு வரும் சுழல் கம்பியை இதற்கு நினைக்கவே வேண்டாம், அது சின்னக் கோழிக்கானது.

சரி, வீட்டில்தான் என்று முடிவு செய்தாகிவிட்டது. வாங்குவதற்கு முன்னால் ஒரு அளவு எடுங்கள்: ஓவனின் கீழ்த்தட்டில் ட்ரேயை வைத்து, அதிலிருந்து மேல் ராடு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். 5 கிலோப் பறவை முதுகு கீழாகப் படுத்தால் மார்பின் உச்சி ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் நாலைந்து சென்டிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் ராடின் அனல் மார்பின் மேல் நேராக அடிக்கும், எந்த முறையிலும் அதைக் காப்பாற்றுவது கஷ்டம். ஏழு கிலோ, எட்டு கிலோ என்று ஆசைப்பட்டு வாங்கிவிட்டுக் கதவை மூட முடியாமல் நிற்பதைவிட, ட்ரேயை அளந்துவிட்டு 5 கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எடை விஷயத்தில் நம் ஊரில் ஒரு பொறி இருக்கிறது. உறைய வைத்து வரும் பறவை என்றால் கவர் மேல் போட்டிருப்பது சுத்தம் செய்த எடை. உயிரோடு பார்த்து வாங்கினால் கடைக்காரர் சொல்வது உயிர் எடை. இறகு, இரத்தம், குடல், தலை, கால் எல்லாம் போக முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் மிஞ்சும், அதாவது ஆறரை கிலோ நின்றால்தான் 5 கிலோ கைக்கு வரும். நேரக் கணக்கை உயிர் எடைக்குப் போட்டீர்கள் என்றால் பறவை ஒரு மணி நேரம் வீணாக வேகும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்துப் பாருங்கள், அந்த எண்தான் கணக்கு. அப்புறம் இன்னொன்று, கறிக்கடையில் சொல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் தோலை உரித்துவிடுவார்கள். "அண்ணே, தோல் உரிக்காதீங்க, இறகு மட்டும் எடுத்துட்டு முழுசாக் குடுங்க" என்று வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தோல் போய்விட்டால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குப் பயன்படாது.

உள்ளூர்ப் பறவைக்கும் உறைந்த இறக்குமதிப் பறவைக்கும் வித்தியாசம் நிறைய. தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் வான்கோழி என்ற வகை, நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை என்ற வெளிநாட்டு வகையையும் கலந்தது, நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. இந்த மாதிரிப் பறவைகள் அளவில் சின்னவை, ஓடியாடித் திரிந்தவை என்றால் கொழுப்பும் குறைவு, கால் கறி கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும். உறைந்து வரும் அகன்ற மார்பு வகையில் மார்புக் கறி மலை மாதிரி குவிந்திருக்கும், பல சமயம் உப்பு நீரும் ஏற்றியிருப்பார்கள், கவரில் போட்டிருக்கும். அப்படி ஏற்றியிருந்தால் நீங்கள் தனியாக உப்பில் ஊறவைக்க வேண்டியதில்லை. இந்த வித்தியாசம் ஃபாயில் முடிவையும் மாற்றும், கீழே வருகிறேன்.

உறைந்த பறவை என்றால் 22ஆம் தேதி காலையிலேயே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் உறைநிலை விடுவதற்கு இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்பது கணக்கு, 5 கிலோவுக்கு இரண்டரை நாள் ஆகும். சமையல் மேடையில் வைத்து இளக விடுவது நம் ஊர் வெக்கையில் கூடவே கூடாது, உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்புறம் கிருமிக்கு ஏற்ற சூட்டுக்கு வந்துவிடும். அவசரத்துக்குக் குளிர்ந்த நீரில் போடலாம் என்பார்கள், ஆனால் நம் குழாயில் டிசம்பரிலும் வருவது குளிர்ந்த நீர் இல்லை, ஐஸ் போட்டு அரை மணிக்கு ஒருமுறை மாற்றினால்தான் அது பொருந்தும், 5 கிலோவுக்கு ஐந்தாறு மணி நேரம் அந்த வேலை. உள்ளூர்ப் பறவையை 23ஆம் தேதியே வெட்டி வாங்கிவிடுங்கள். வெட்டிய அன்றே வேகவைத்தால் சதை விறைப்பு விடாமல் ரப்பராக இருக்கும், ஒரு நாளாவது ஃப்ரிட்ஜில் கிடந்தால் இளகும். அன்று மாலை 40 கிராம் போலத் தூள் உப்பு, மிளகு தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பும் உள்ளே இறங்கும், தோலும் காயும். தோல் காய்ந்திருப்பதுதான் பிறகு நிறம் வருவதற்கு முக்கால் காரணம்.

மசாலா பற்றி ஒரு வார்த்தை. தயிர், மிளகாய்த்தூள், மஞ்சள் எல்லாம் சேர்த்து வெளியே அப்பினால் தோல் ஆரம்பத்திலிருந்தே சிவப்பாக இருக்கும், அது நிறம் பிடித்ததா கருகப் போகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. மிளகாய்த்தூள் தோலைவிடச் சீக்கிரம் கருகும் வேறு. மசாலா வேண்டும் என்றால் தோலுக்கு அடியில் கையை விட்டு மார்புக் கறியின் மேல் தடவுங்கள், வெளியே வெண்ணெயும் உப்பும் போதும். வயிற்றுக்குள் பிரியாணி, முட்டை என்று அடைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பச்சைக் கறியின் சாறு சோற்றில் இறங்கும், அந்தச் சோற்றின் நடுப்பகுதியும் பாதுகாப்பான 74 டிகிரிக்கு வரும்வரை காத்திருந்தால் மார்பு வறண்டுபோகும். அரை எலுமிச்சை, ஒரு பூண்டு, இரண்டு பட்டை, அவ்வளவு போதும்.

இப்போது நேரம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை 163 டிகிரி செல்சியஸில், உள்ளே எதுவும் அடைக்காத 3.6 முதல் 5.4 கிலோ வரையிலான பறவைக்கு இரண்டேமுக்கால் முதல் மூன்று மணி நேரம் என்கிறது. பிரிட்டனில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 180 டிகிரியில், 4.5 முதல் 6.5 கிலோ வரை, கிலோவுக்கு 40 நிமிடம். நம் பறவைக்கு 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். சூடு கூட, ஆனால் நேரமும் கூட! யார் சொல்வது சரி என்று சண்டை போடத் தேவையில்லை. இரண்டுமே பொதுவான கணக்குகள், பிரிட்டன் கணக்கு கொஞ்சம் ஜாக்கிரதைக்காகத் தள்ளி வைக்கப்பட்டது. பறவை ஃப்ரிட்ஜிலிருந்து எவ்வளவு ஜில்லென்று வந்தது, ஓவனின் குமிழ் உண்மையைச் சொல்கிறதா, எத்தனை தடவை கதவைத் திறந்தீர்கள் என்பதெல்லாம் எந்த அட்டவணையிலும் இல்லை. ஓடிஜிக் குமிழில் 160 என்று வைத்தால் உள்ளே 140ஓ 180ஓ இருப்பது சாதாரணம், உள்ளே வைக்கும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தச் சந்தேகம் தீர்ந்தது.

இந்த இரண்டு கணக்கையும் நான் பயன்படுத்தும் விதம் வேறு. சாப்பாட்டு நேரத்தைக் குறிக்க நீளமான கணக்கு, தொடையின் சூட்டைப் பார்க்க ஆரம்பிக்க குறைந்த கணக்கையும்விட முக்கால் மணி நேரம் முன்னால். எடை உங்களுக்குச் சொல்வது எப்போது பார்க்கத் தொடங்கலாம் என்பதை மட்டுமே, வெந்துவிட்டது என்று அது சொல்லாது. கிலோவுக்கு இத்தனை நிமிடம் என்பதே பெரிய பறவைக்கு ஏமாற்றும் கணக்கு. எடை இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாகாது, ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் ஆகும், ஏனென்றால் சூடு கடக்க வேண்டியது பறவையின் தடிமனை, அதன் எடையை அல்ல. இரண்டு கிலோக் கோழிக்கு எடுத்த நிமிடத்தை அப்படியே பெருக்கி வான்கோழிக்கு வைத்தால் காய்ந்துபோவதற்கு அதுதான் காரணம்.

இனி ஃபாயில். ஒரு முழுப் பறவையில் நடக்கும் போட்டி இதுதான்: மார்புக் கறி மேலே, ராடுக்கு அருகில், கொழுப்பில்லாமல் இருக்கிறது. தொடை கீழே, உடம்போடு ஒட்டி, உள்மூட்டில் ஒளிந்திருக்கிறது. மார்பு 74 டிகிரிக்கு மேல் போகப் போகச் சாறு இழந்து நாராகும். தொடை 74இல் பாதுகாப்பானதாகிவிடும் என்றாலும் 80ஐத் தொட்டால்தான் உள்ளிருக்கும் கெட்டித் தசைநார் இளகி மென்மையாகும். ஆக முந்துவதை நிறுத்தவும் பிந்துவதைத் தள்ளவும் வேண்டும். ஃபாயிலுக்கு இதில் ஒரே வேலைதான், மார்பின் மேல் விழும் அனலைத் தடுத்து அதைத் தாமதிக்கச் செய்வது. பளபளப்பான பக்கம் வெளியேவா உள்ளேவா என்று கேட்பார்கள், எந்த வித்தியாசமும் இல்லை.

முதல் முறை, ஆரம்பத்திலிருந்து மூடி வைத்துவிட்டுக் கடைசி முக்கால் மணி நேரம் திறப்பது. பயப்படுபவர்களுக்குப் பிடித்த முறை, ஏனென்றால் மூடியிருக்கும்வரை எதுவும் கருகாது, கதவையும் திறக்க வேண்டாம். இதில் உள்ள பிரச்சினை கடைசியில்தான் தெரியும். ஃபாயிலுக்கு அடியில் தோல் முழுக்க நீராவியில் நனைந்திருக்கும். திறந்ததும் நிறம் பிடிக்காது, முதலில் அந்த ஈரம் காய வேண்டும், அதற்கே இருபது நிமிடம் போய்விடும். அந்த நேரத்தில் மார்பு ஏற்கெனவே 65ஐத் தாண்டியிருக்கும். நிறத்துக்காகக் காத்திருந்தால் மார்பு காயும், மார்புக்காக எடுத்துவிட்டால் தோல் வெளிறிப்போய்த் தொளதொளவென்று இருக்கும். சூட்டை 220க்கு ஏற்றிப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரிய ஓவனில் சரி, ஓடிஜியில் மேல் ராடுக்கு நேர் கீழே இருக்கும் அந்த உள்ளங்கை அளவு இடம் மட்டும் கருகும், பக்கவாட்டில் எல்லாம் வெள்ளையாகவே நிற்கும்.

இரண்டாவது முறை, முதலில் திறந்தே வைத்து, மார்பு பொன்னிறமானதும் கூடாரம் போல ஃபாயிலைக் கவிழ்ப்பது. உள்ளே சதை இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போதே தோல் காய்ந்து நிறம் பிடித்துவிடுகிறது, அதனால் அதற்கு நீங்கள் எந்த விலையும் கொடுப்பதில்லை. அப்புறம் மூடினால் நிறம் அங்கேயே நிற்கும், மார்பு மெதுவாகும், கீழிருந்து வரும் சூடு தொடையை வேகவைத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் தோல் கொஞ்சம் மெத்தென்று ஆனாலும் அது ஏற்கெனவே வெந்த தோல், ஐந்து நிமிடம் திறந்தால் திரும்ப விறைத்துக்கொள்ளும். இதற்கு ஒரு தொல்லை இருக்கிறது: எரியும் ராடுக்கும் கொதிக்கும் பறவைக்கும் நடுவில் கையை விட்டு ஃபாயிலைப் பொருத்த வேண்டும். இதற்கான வழி, பறவை பச்சையாக, குளிர்ந்து இருக்கும்போதே ஃபாயிலை அதன் மார்பின் மேல் வைத்து அமுக்கி அச்சு எடுத்துக்கொள்வது. நம் கடைகளில் கிடைக்கும் ஃபாயில் மெலிசு, இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பக்கத்திலிருந்து கால் மூட்டு தொடங்கும் இடம் வரை, மார்பின் இரண்டு சரிவையும் மூடும் அகலத்தில், நடுவில் ஒரு மேடு விட்டு அமுக்கினால் ஒரு கவசம் மாதிரி வரும். உட்புறம் வெண்ணெய் தடவித் தனியே எடுத்து வையுங்கள். நேரம் வரும்போது ட்ரேயை வெளியே இழுத்து, கதவை மூடிவிட்டு, கவசத்தைத் தூக்கி மார்பில் உட்கார வைத்தால் பத்து விநாடி வேலை.

கூடாரம் என்றால் கூடாரம்தான், இறுக்கிக் கட்டுவதல்ல. ஓரங்களை ட்ரேயின் விளிம்பில் செருகினால் மறுபடி ஆவிப் பெட்டிதான். பக்கங்களில் விரல் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள், தொடைகளை மூடவே மூடாதீர்கள், அவைதான் பின்தங்கியவை. இறக்கை நுனியிலும் கால் நுனியிலும் சின்னத் துண்டு ஃபாயில் சுற்றிவிடலாம். ஃபேன் உள்ள ஓடிஜி என்றால் ஃபாயில் மெல்ல எழும்பி ராடைத் தொடும், அது நடக்கவே கூடாது, இறக்கையும் உடம்பும் சேரும் இடத்தில் ஒரு பல்குச்சியால் குத்திவிடுங்கள்.

என் ஓட்டு இரண்டாவது முறைக்கு, ஆனால் எல்லோருக்கும் அல்ல. மேல் ராடுக்கும் மார்புக்கும் நாலு சென்டிமீட்டர் கூட இல்லை, அல்லது கொழுப்பே இல்லாத மெலிந்த உள்ளூர்ப் பறவை, அல்லது வீட்டில் கேட்காமல் வெளியே மிளகாய் மசாலா அப்பிவிட்டார்கள் என்றால் முதல் முறைதான் பாதுகாப்பு. அப்போதும் மார்பை மட்டும் மூடுங்கள், கடைசி முக்கால் மணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துத் திறக்காமல் தொடை 60ஐத் தொட்டதும் திறங்கள். அங்கிருந்து 74க்கு இன்னும் முக்கால் மணி நேரம் போல இருக்கும், தோல் காய்ந்து நிறம் பிடிக்க அது போதும். மயில் மாதிரி அழகாக வராது, கறி நன்றாக இருக்கும். முழுப் பறவையையும் பொட்டலமாகக் கட்டி வைக்கும் மூன்றாவது வழியும் உண்டு, அது ரோஸ்ட் இல்லை, அவியல். பிய்த்துக் கிரேவியில் போடப் போகிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

தொடையைப் பார்ப்பது எப்படி என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். குத்தும் இடம் தொடையின் வெளிப்புறத் தடித்த சதை அல்ல. காலை லேசாக வெளியே தள்ளினால் தொடைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு மடிப்பு தெரியும், அந்த மடிப்பின் உட்பக்கத்தில், மூட்டை நோக்கிச் சாய்வாக ஊசியை இறக்க வேண்டும். எலும்பில் முட்டினால் லேசாகத் தடுக்கும், எண் தாறுமாறாகக் காட்டும். அப்போது அரை விரல் அளவு பின்னால் இழுத்து, இன்னும் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே எண்ணைக் கவனியுங்கள். இறங்கி இறங்கி ஒரு இடத்தில் நின்று மறுபடி ஏறும். அந்தக் குறைந்த எண்தான் பறவையின் உண்மையான சூடு. மற்றத் தொடையையும் பாருங்கள், ஓடிஜியில் பின்பக்கம் இருக்கும் கால் கதவுப்பக்கக் காலைவிட முந்தியிருக்கும். அப்புறம் மார்பின் தடித்த இடம். எல்லா இடத்திலும் 74 வந்தால்தான் வெந்தது. தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்கச் சென்னையில் சுலபம், கடல் மட்டத்தில் இருக்கிறோம், கொதிக்கும் நீரில் 100 காட்ட வேண்டும்.

குச்சியால் குத்தினால் சாறு தெளிவாக வருகிறதா என்று பார்ப்பதும் காலை ஆட்டிப் பார்ப்பதும் நம் பாட்டிமார் காலத்து வழிகள், ஒரு துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பக் கூடாது. முழுக்க வெந்த பறவையிலும் எலும்பையொட்டி இளஞ்சிவப்பு தெரியலாம், இளம் பறவையின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறம் அது. அதே மாதிரி சாறு தெளிந்துவிட்டாலும் உள்மூட்டு 74க்கு வராமல் இருக்கலாம். நிறத்தை நம்பினால் வெந்ததை மறுபடி வேகவைப்பீர்கள், இல்லையென்றால் வேகாததைப் பரிமாறுவீர்கள்.

எல்லாவற்றையும் ஒரு காலைப்பொழுதில் வைத்துப் பார்ப்போம். ஒரு மணிக்குச் சாப்பாடு, பன்னிரண்டே முக்காலுக்கு வெட்ட வேண்டும், அதற்கு முன் முக்கால் மணி நேரம் ஆற வேண்டும், ஆகப் பன்னிரண்டுக்குள் வெளியே வந்தாக வேண்டும். நீளமான கணக்கில் 3 மணி 20 நிமிடம் பின்னால் போனால் 8:40க்கு உள்ளே போக வேண்டும். 8:15க்கு ஓவனை 165இல் சூடேற்றிவிடுங்கள், 16 ஆம்பியர் பிளக்கில், அதே லைனில் கீசர் ஓடாமல். 9:30 அளவில் மார்பு பொன்னிறமாகியிருக்கும், கவசத்தை வையுங்கள். மேல் ராடு நெருக்கம் என்றால் இது 9:15க்கே வரும், கண்ணாடி வழியாகப் பாருங்கள். கதவை அடிக்கடி திறந்து வெண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பதெல்லாம் வேண்டாம், ஒவ்வொரு திறப்பிலும் சூடு இறங்குவதுதான் மிச்சம்.

10:40க்கு முதல் பார்வை. வலது தொடை 58, இடது 54, மார்பு 62 என்று வைத்துக்கொள்வோம். மார்பு முந்துகிறது, அது எதிர்பார்த்ததுதான், கவசம் இருக்கட்டும். இடது பின்தங்கியிருப்பதால் ட்ரேயை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். 11:15க்கு 68, 66, மார்பு 69. 35 நிமிடத்தில் தொடை பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறியிருக்கிறது, இன்னும் எட்டு டிகிரிக்கு 25 நிமிடம் போல ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். எந்த அட்டவணையும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லாது. 11:40க்கு 75, 74, மார்பு 74. வெளியே எடுங்கள். அமெரிக்கக் கணக்கின் மூன்று மணி நேரம் சரியாக வந்திருக்கிறது, பிரிட்டன் கணக்கின் இருபது நிமிடம் உங்கள் கையில் மிச்சம்.

இதற்கு நேர்மாறாக 11:40க்கு மார்பு 74, தொடை 65இலேயே நிற்கிறது என்றால் முழுப் பறவையையும் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். இரண்டு கால்களையும் தொடையோடு மூட்டில் வெட்டி எடுத்து அவற்றை மட்டும் ட்ரேயில் பரப்பி 20 நிமிடம் வையுங்கள், அல்லது அடுப்பில் அகலமான கடாயில், ட்ரேயில் இறங்கிய சாறோடு மூடி வேகவிடுங்கள். 74 வந்ததா என்று மறுபடி பாருங்கள். பாதியில் கரண்ட் போனாலும் இதே கடாய் வழிதான் கைகொடுக்கும். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்றால் கதவைத் திறக்காமல் இருங்கள், வருகிற மாதிரி தெரியவில்லை என்றால் காத்திருக்காமல் துண்டு போட்டு கேஸுக்கு மாற்றிவிடுங்கள். மேஜைக்கு முழுசாக வராது, ஆனால் யாருக்கும் வயிறு கெடாது.

வெளியே எடுத்தபின் ஆறவிடும்போதும் ஃபாயில் ஒரு கேள்வி. உள்ளே சூடு இன்னும் மூன்று நாலு டிகிரி ஏறும், 75இல் எடுத்த தொடை 78, 79க்குப் போகும், அதுதான் நாம் விரும்பியதும். இறுக்கி மூடினால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் தோல் பத்து நிமிடத்தில் நமத்துவிடும். அதே கவசத்தை லேசாக மேலே வைத்து, பக்கங்களைத் திறந்துவிடுங்கள், மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள். 5 கிலோ உடம்பு ஒரு மணி நேரமானாலும் வெட்டும்போது ஆவி வரும் அளவுக்குச் சூடாகவே இருக்கும். இந்த இடைவெளியில் ஓவன் காலியாக இருக்கிறது, உருளைக்கிழங்கை அதில் தள்ளிவிடலாம்.

வெட்டும்போது முதலில் கால்களை எடுங்கள், மூட்டு தானாகக் கழன்று வரும். மார்பை எலும்போடு ஒட்டி முழுப் பாளமாக எடுத்து, பலகையில் வைத்துக் குறுக்காக நறுக்கினால் நார் தெரியாது. மேஜையில் மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், முழு எலும்புக்கூட்டோடு மூடி வைத்தால் உள்ளே ஆற வெகு நேரமாகும். எலும்பை மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் 26ஆம் தேதி காலைக்கு சூப் ஆயிற்று.